மணிக்கட்டை மடக்கும் லீவர், முதுகை அழுத்தும் சீட்

நாட்றம்பள்ளியில் இருந்து வாணியம்பாடி வழியாக ஆம்பூர் போய்வர, தேசிய நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஷூ கம்பெனியில் கட்டிங்கிலோ தையலிலோ வேலை செய்யும் ஒருவர் இந்தத் தூரத்தைத் தினமும் பைக்கில் கடப்பதாக வைத்துக்கொள்வோம். காலையும் மாலையுமாகச் சேர்த்து இரண்டு மணி நேரம் போல சீட்டில் இருப்பார். இடைப்பட்ட எட்டு மணி நேரமும் மேசை மேல் குனிந்து கத்தரியோ துணுக்குத் தோலோ பிடித்தபடிதான். காலையில் கிளட்ச் பிடித்து மடங்கிய மணிக்கட்டே பகலெல்லாம் வேலை செய்கிறது. அதனால் ராத்திரியில் விரல் மரத்துப்போனால் அதற்கு வேலையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. வண்டியையும் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது லீவரின் சாய்வு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கம்போல உட்கார்ந்து, விரல்களை நீட்டி கிளட்ச் லீவர் மேல் வையுங்கள். பக்கத்தில் நிற்பவர் செல்போனில் ஒரு படம் எடுக்கட்டும். முழங்கையில் இருந்து விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரே கோடாக இருந்தால் சரி. லீவர் உயரத்தில் இருந்தால் விரல்கள் மேலே தூக்கிக்கொண்டு, மணிக்கட்டு பின்பக்கம் மடங்கும். அப்போது மணிக்கட்டின் உள்ளே உள்ள குறுகிய குழாயில் போகும் நரம்பு நெருக்குண்ணும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது இதனால்தான். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் வேறு நரம்பு. கைப்பிடியில் உள்ளங்கையின் வெளிஓரத்தை ஊன்றி ஓட்டுவது அதற்கு ஒரு காரணம்.

சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும். லீவர் பிராக்கெட்டின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, லீவரைக் கீழ்நோக்கித் திருப்பிக் கோட்டுக்குக் கொண்டுவந்து இறுக்க வேண்டும். பிரேக் பக்கமும் இதே மாதிரிதான். பிராக்கெட்டில் கண்ணாடி இருந்தால் அதையும் திரும்ப நேராக்குங்கள். பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுத்தாலோ, இன்ஜின் வேகம் தானாக ஏறினாலோ ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கிளட்ச் கனமாக இருப்பதும் விரலைக் களைக்க வைக்கும். வாணியம்பாடி, ஆம்பூர் நெரிசலில் அதைப் பலமுறை அழுத்த வேண்டியிருக்கும். கேபிள் காய்ந்திருந்தால் எண்ணெய் விடலாம், தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பெரும்பாலான கம்யூட்டர் பைக்குகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் விடச் சொல்வார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும்.

முதுகுக்கு வருவோம். இந்த பைக்குகளில் ஃபுட்ரெஸ்ட்டை நகர்த்த முடியாது, கால் வைக்கும் முறையைத்தான் மாற்ற முடியும். நெடுஞ்சாலையில் சிலர் கால்களை முன்னே நீட்டி லெக் கார்டு மேல் வைத்துக்கொள்வார்கள். அப்போது உடல் எடை முழுவதும் வால் எலும்பிலும் இடுப்பிலும் இறங்கும், குண்டுகுழியின் அடியும் நேராக முதுகுக்கு வரும். பாதம் ஃபுட்ரெஸ்ட்டிலேயே இருந்தால், வேகத்தடை வரும்போது கால்களில் ஊன்றி இடுப்பைச் சற்றே தூக்கிக்கொள்ளலாம். பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸ் இருந்தாலும் இடுப்பு ஒரு பக்கம் சாயும், அதைச் சட்டைப் பைக்கு மாற்றுங்கள். டிபன் பையைத் தோளில் தொங்கவிடாமல் வண்டியிலேயே கட்டுங்கள். பின் ஷாக் அப்சார்பரை இருவர் ஏறும்போது இறுக்கியிருந்தால், தனியாகப் போகும்போது தளர்த்துங்கள்.

இப்படி மாற்றியும் சில வாரங்களில் மரப்பு குறையவில்லை என்றால், அல்லது கட்டைவிரல் பிடி தளர்ந்து பொருள் கைநழுவினால், டாக்டரைப் பாருங்கள். முதுகு வலியோடு காலில் பலம் குறைந்தாலும், சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலும், தொடையிடுக்கு மரத்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. திட்டம் பொருந்தும். வலி நோயாகி டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், உரிய பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களாவது சந்தா கட்டியவருக்கு ஆண்டில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். மருத்துவரிடம் வேலையையும் பயண தூரத்தையும் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். படிப்படியாக வளரும் வலி சட்டப்படி விபத்து ஆகாது. ஆனால் வேலைக்குப் போகும் அல்லது திரும்பும் வழியில் விழுந்து அடிபட்டால் நிலை வேறு. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் சேர்ந்த 51-இ பிரிவு, நேரம், இடம், சூழல் மூன்றும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் அதை வேலைக் காயமாக ஏற்றது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம், பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே தொடர்பு பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அடிபட்டால் அன்றே கம்பெனியில் எழுத்தில் தெரிவித்து, கிளம்பிய நேரத்தையும் ஷிஃப்ட் விவரத்தையும் பதிய வைத்து, நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.