பிரேக் பிடித்த கார் எங்கே நிற்கும்?

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் போகிறது. சாலையில் மாடு குறுக்கிட, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது. கார் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்?

இயக்கச் சமன்பாடுகளைப் படித்த மாணவருக்கு, தூரம் என்றதும் s = ut + ½at² நினைவுக்கு வரும். ஆனால் அதில் நேரம் t இருக்கிறது. கணக்கில் நேரம் தரப்படவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை. சமன்பாட்டைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு கவனிப்பே போதும்: எந்த அளவு கணக்கிலேயே இல்லையோ, அது இல்லாத சமன்பாட்டை எடுங்கள். நேரம் இல்லாதது v² = u² + 2as.

இறுதி வேகமும்தான் தரப்படவில்லையே என்று தோன்றலாம். தரப்பட்டிருக்கிறது. 'நிற்கும்' என்ற சொல்லுக்குள் v = 0 ஒளிந்திருக்கிறது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

இனி அலகு. 72 கி.மீ. என்பதை 3.6 ஆல் வகுத்தால் நொடிக்கு 20 மீட்டர். வேகம் குறைவதால் a = –5.

0² = 20² + 2(–5)s
s = 400 ÷ 10 = 40 மீட்டர்

குறியை விட்டுவிட்டால் விடை –40 என்று வரும். கார் பின்னோக்கிப் போய் நின்றது என்று அதற்குப் பொருள். அந்த மைனஸைக் கண்டதும் a-யின் குறியைச் சரிபாருங்கள். 72-ஐ மாற்றாமல் அப்படியே போட்டாலோ 518 மீட்டர், அரை கிலோமீட்டருக்கும் மேல்!

சில கணக்குகளில், மாட்டைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு 1 நொடி ஆனது என்றும் இருக்கும். நேரம் கிடைத்துவிட்டதென்று அதை s = ut + ½at²-இல் t-க்குப் பதிலாகப் போடுவது பெரிய தவறு. அந்த ஒரு நொடியில் பிரேக் இன்னும் வேலை செய்யவே இல்லை; கார் அதே வேகத்தில் 20 × 1 = 20 மீட்டர் ஓடியிருக்கும். அதைத் தனியாகக் கணக்கிட்டு, 40 உடன் கூட்டினால் மொத்தம் 60 மீட்டர்.

வேகம் சீராகக் குறைந்தால்தான் இந்தச் சமன்பாடு பொருந்தும். உண்மைச் சாலையில் அது ஒரு தோராயமே. ஈரச் சாலையில் டயரின் பிடி தளர்ந்து, வேகம் குறையும் வீதம் 2.5 ஆக இறங்கினால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் மட்டுமே 80 மீட்டர்.

சமன்பாட்டில் u வர்க்கமாக இருப்பதையும் கவனியுங்கள். அதே கார், அதே உலர்ந்த சாலையில் 36 கி.மீ. வேகத்தில் போனால், பிரேக்குக்குப் பின் 10 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானதும் அந்தத் தூரம் நான்கில் ஒரு பங்காகிறது.