சராசரி எப்போது திரும்புகிறது?

பொருளியல் பாடநூலில் ஒரு படம் உண்டு. சராசரிச் செலவுக் கோடு இறங்கிப் பின் ஏறும். இறுதிநிலைச் செலவுக் கோடு, அதாவது அடுத்த ஓர் அலகுக்கு மட்டும் ஆகும் கூடுதல் செலவு, சரியாக அதன் அடிமட்டத்தில் அதை வெட்டும். ஏன் அங்கேதான் வெட்ட வேண்டும்? ஒரு முறுக்குக் கடையின் கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கடை வாடகை நாளுக்கு 300 ரூபாய். எத்தனை ஈடு சுட்டாலும் அது மாறாது. எண்ணெயைக் காயவைக்க எரிபொருள் போவதால் முதல் ஈட்டுக்கு 100 ரூபாய். எண்ணெய் சூடாக இருப்பதால் அடுத்தவற்றுக்கு 80, 70 என இறங்குகிறது. பிறகு கை சோர்ந்து முறுக்குகள் உடைகின்றன, கூடுதல் நேரக் கூலியும் சேர்கிறது. அதனால் நான்காவது ஈடு முதல் 80, 100, 130, 170, 220 என ஏறுகிறது.

ஐந்து ஈடு முடிந்தபோது மொத்தச் செலவு 730, சராசரி 146. ஆறாவதுக்கு 130தான். சராசரியைவிட 16 ரூபாய் குறைவான எண் உள்ளே வருகிறது. அந்த 16 ஆறு ஈடுகளுக்கும் பங்காகிறது, சராசரி ஏறத்தாழ 2.67 இறங்கி 143.33 ஆகிறது. ஏழாவதுக்கு 170. இது சராசரியைவிடச் சுமார் 26.67 அதிகம். அதை ஏழாகப் பங்கிட்டால் சராசரி 3.81 ஏறி 147.14 ஆகிறது.

விதி இதுவே:

புதிய சராசரி − பழைய சராசரி = (அடுத்த ஈட்டின் செலவு − பழைய சராசரி) ÷ புதிய எண்ணிக்கை

அடுத்த ஈட்டின் செலவு சராசரிக்குக் கீழே இருக்கும்வரை சராசரி இறங்கும். மேலே போனால் ஏறும். அளவைத் தொடர்ச்சியாகக் கூட்டிக் கோடாக வரைந்தால், இரண்டும் சமமாகும் புள்ளியில் சராசரி இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. இறக்கம் ஏற்றமாக மாறும் அந்த இடம்தான் அடிமட்டம்.

பலர் தடுமாறுவது இங்கே: இறுதிநிலைச் செலவு நான்காவது ஈட்டிலேயே ஏறத் தொடங்கிவிட்டது, சராசரியோ ஆறாவதுவரை இறங்கியது. சராசரியைத் திருப்புவது இறுதிநிலைச் செலவு ஏறுகிறதா என்பதல்ல, அது சராசரியைத் தாண்டிவிட்டதா என்பதே.

வாடகை 500 ஆனால் என்ன ஆகும்? எந்த ஈட்டின் கூடுதல் செலவும் மாறாது. ஆனால் ஆறு ஈடுகளின் சராசரி 176.67 ஆகிறது. முன்பு சராசரியை ஏற்றிய அதே 170 ரூபாய் ஈடு இப்போது அதை 175.71க்கு இறக்குகிறது. எட்டாவது ஈட்டின் 220தான் மீண்டும் ஏற்றும். இறுதிநிலைக் கோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது, அடிமட்டம் அதன்மேல் ஏறிப் போகிறது.

ஆனால் அடிமட்டம் லாபத்தின் உச்சம் அல்ல. வாடகை 300 ஆக இருக்கும்போது ஒரு ஈடு 200 ரூபாய்க்கு விற்றால், சராசரியை உயர்த்தும் ஏழாவதும் 30 ரூபாய் லாபம் தரும். எட்டாவது 20 ரூபாய் நட்டம் தரும். எனவே கடைக்காரர் ஏழாவதோடு அடுப்பை அணைப்பதே சரி. எங்கே நிறுத்துவது என்று கேட்பவர் ஒப்பிட வேண்டியது விலையையும் அடுத்த ஈட்டின் செலவையும்தான்.