விலை ஒருமுறை, தேதி வாராவாரம்

கோவையில் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு மாதம் 800 பம்ப் பாடி காஸ்டிங் தேவை என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் ஸ்டோர்ஸிலிருந்து இண்டென்ட் வரும். பர்ச்சேஸ் பிரிவு கொட்டேஷன் கேட்டு, ஒப்பிட்டு, கையெழுத்து வாங்கி ஆர்டர் போடும். அதே ஃபவுண்டரி, அதே டிராயிங், ஏறக்குறைய அதே விலைதான். ஆனாலும் ஒரு வாரம் ஓடிவிடும். ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் ஃபவுண்டரிக்காரர் மோல்டிங்குக்கு நாள் ஒதுக்குவார்.

மாறாத விஷயங்களை ஒரே தடவை பேசி முடிப்பதுதான் பிளாங்கெட் ஆர்டர். ஓப்பன் ஆர்டர் என்றும் சொல்வார்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை சுமார் 9,600 காஸ்டிங், விலை இன்னது, பணம் இத்தனை நாளில் என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு, தேவைப்படும்போது ‘இப்போது 200 அனுப்புங்கள்’ என்று ரிலீஸ் கொடுத்தால் போதும்.

ஷெட்யூலிங் அக்ரிமென்ட்டில் தனித்தனி ரிலீஸ்கூடக் கிடையாது. எந்தத் தேதிக்கு எத்தனை என்ற ஒரே ஷெட்யூலை வாராவாரம் திருத்தி அனுப்புவார்கள். அதன் உயிர்நாடி, எந்த வாரத்துக்கு யார் பொறுப்பு என்பது. உதாரணமாக, முதல் 4 வாரம் உறுதியானது. தொழிற்சாலை மனம் மாறினாலும் வார்த்த காஸ்டிங்குக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அடுத்த 4 வாரத்துக்கு, வாங்கிவைத்த மூலப்பொருளுக்கு மட்டும் பொறுப்பு. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் உத்தேசம். இந்த எல்லைகளை எழுதிவைக்காவிட்டால், திடீரென ஷெட்யூலைக் குறைக்கும் வாரத்தில் தகராறு நிச்சயம்.

இன்னொரு சிக்கல் கணக்கில் வரும். ஜூன் முடிவில் ஃபவுண்டரி 2,400 அனுப்பிவிட்டதாகச் சொல்லும். தொழிற்சாலைக் கணக்கு 2,340 என்று காட்டும். காற்றுத் துளை விழுந்த 60 ரிஜெக்ட் ஆனதை ஃபவுண்டரி தன் கணக்கில் கழித்திருக்காது. அந்த 60 ஷெட்யூலில் வாராவாரம் பாக்கியாகவே தொடரும். ஒரே எண் கரையாமல் நிலுவையில் நின்றால், அது இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்கு அடையாளம். கடைசியாக வரவு வைத்த சலான் எண்ணையும் மொத்த வரவையும் ஷெட்யூலிலேயே அச்சிட்டால், எந்த லோடில் கணக்கு பிரிந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

விலையும் ஆண்டு முழுக்க அப்படியே நிற்காது. பிக் அயர்ன், ஸ்கிராப் விலை ஏறினால், நஷ்டத்துக்கு வார்க்கும் ஃபவுண்டரி முதலில் வேறு வாடிக்கையாளரின் வேலையை எடுக்கும். ஷெட்யூலில் கேட்டதற்கும் வருவதற்கும் இடைவெளி வாராவாரம் கூடுகிறதா என்று பார்த்தால் அது புலப்படும். மூலப்பொருள் விலைப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்தும் விதியை ஒப்பந்தத்தில் முதலிலேயே சேர்ப்பதுதான் தீர்வு.

டிராயிங் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் புது மாடலுக்கும், எப்போதாவது வாங்கும் பொருளுக்கும் தனி ஆர்டரே சரி. உறுதி என்று எழுதிக்கொடுத்த வாரங்களையே அடிக்கடி மாற்றும் தொழிற்சாலையும் தனி ஆர்டரோடு நின்றுகொள்வதே நியாயம். இல்லாவிட்டால் தன் திட்டக் கோளாறின் செலவை அது ஃபவுண்டரியின் தலையில் கட்டுகிறது.