இரண்டு அங்குலம் தளர்த்தினால்

1981-ல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ், டயானா திருமணத்துக்காக வெளியான தபால்தலையைப் பார்த்தவர்கள், மாப்பிள்ளை நல்ல உயரம் என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். படத்தில் மட்டும் அவர் அவளைவிட ஓங்கித் தெரியும்படி பார்த்துக்கொண்டார்கள். அரண்மனையே இதற்கு இவ்வளவு மெனக்கெட்டது என்றால், நம் வீடுகளில் ஜாதகம் கைமாறும் முன்பே "பையன் என்ன ஹைட்டு?" என்று கேட்பதில் வியப்பில்லை. பத்துப் பொருத்தங்களில் உயரம் கிடையாது. ஆனாலும் பல வரன்கள் தட்டிப்போவது இந்தப் பதினோராவது பொருத்தத்தில்தான்.

யார் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள்? நெதர்லாந்து ஆய்வாளர் கெர்ட் ஸ்டல்ப்பின் குழு 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், துணைவர் தங்களைவிட 21 செ.மீ. உயரமாக இருக்கும்போது பெண்கள் மிகவும் திருப்தியாக இருந்தார்கள். ஆண்களுக்கோ 8 செ.மீ. வித்தியாசமே போதுமானதாக இருந்தது. அதாவது, ஆண் உயரமாக இருக்க வேண்டும் என்பதில் இருபாலரும் ஒத்துப்போகிறார்கள். எவ்வளவு என்பதில் பெண்களின் எதிர்பார்ப்பு அதிகம்.

ஆனால் ஆசை வேறு, நடப்பு வேறு. அதே குழு பிரிட்டனில் பல ஆயிரம் தம்பதிகளின் உயரத்தை ஒப்பிட்டது. 92.5 சதவீதத் தம்பதிகளில் கணவர் உயரம். உயரமே பார்க்காமல் குலுக்கல் முறையில் ஜோடி சேர்த்தாலும் இது 89.8 சதவீதமாக இருக்கும் என்று கணக்கு காட்டியது. ஆண்கள் சராசரியாகவே உயரமானவர்கள் என்பதால், பெரும்பாலான ஜோடிகளில் இந்த விதி தானாகவே நிறைவேறிவிடுகிறது. நடுத்தர உயரமுள்ளவர்களுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அது குட்டையான ஆண்களையும் நெட்டையான பெண்களையும்தான் பதம் பார்க்கிறது.

இந்தியாவில் 19 வயது ஆணின் சராசரி உயரம் சுமார் 166 செ.மீ., பெண்ணின் சராசரி 155 செ.மீ. இதை வைத்து ஒரு தோராயக் கணக்கு போடலாம். 5 அடி 7 அங்குலப் பெண் ஒருத்தி இருக்கிறாள். "மாப்பிள்ளை ரெண்டு இஞ்சாவது கூட இருக்கணும்" என்று வீட்டில் சொன்னால், நூறு ஆண்களில் ஒன்பது பேர்தான் தேறுவார்கள். "ஒரே உயரம் என்றாலும் சரி" என்று சொன்னால் அது சுமார் இருபத்தேழு பேரை எட்டும். படிப்பு, ஊர், ஜாதகம் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த ஒன்பது பேரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

பையன் பக்கமும் இதே கதைதான். 5 அடி 3 அங்குலம் உள்ளவரை, நான்கு அங்குலம் வித்தியாசம் வேண்டும் என்று கேட்கும் வீடுகள் மட்டுமே பார்த்தால், ஐந்து பெண்களில் ஒருத்திக்குத்தான் அவர் பொருந்துவார். சம உயரம் போதும் என்றால் ஐந்தில் நால்வருக்குப் பொருந்துவார்.

திருமணத் தளங்களில் இந்தச் சல்லடை நேரில் பார்ப்பதற்கு முன்பே வேலை செய்கிறது. எதிரில் உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு அங்குலம் கண்ணில் பட்டிருக்காது. தேடலில் "5'6 முதல்" என்று ஒரு முறை அழுத்தினால், 5'5 உள்ளவர் திரையிலேயே வரமாட்டார். அதனால்தான் பையன்கள் பயோடேட்டாவில் ஓர் அங்குலம் கூட்டுகிறார்கள், பெண் வீட்டார் ஓர் அங்குலம் குறைக்கிறார்கள். பெண் பார்க்கும் நாளில் வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. அப்போது சம்பந்தம் முறிவதற்குக் காரணம் உயரமாக இருப்பதில்லை, "இதிலேயே பொய்யா?" என்ற சந்தேகம்தான்.

இருவர் படும் பாடும் ஒன்றல்ல. குட்டையான ஆணிடம் யாரும் காரணத்தைச் சொல்வதில்லை. "ஜாதகம் சேரலை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அவரே புரிந்துகொள்ள வேண்டும். உயரமான பெண்ணிடம் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். பத்தாம் வகுப்பிலேயே "இதுக்கு மேல வளராதே, மாப்பிள்ளை கிடைக்க மாட்டான்" என்பது தொடங்கிவிடும். அவள் கூன் போட்டு நிற்கவும், ஹீல்ஸைத் தவிர்க்கவும், போட்டோவில் பின்வரிசைக்குப் போகவும் பழகிக்கொள்கிறாள்.

இது இயற்கை விதி என்போர் உண்டு. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்ஸா மக்களிடம் 207 தம்பதிகளை ஆய்வாளர்கள் அளந்தார்கள். அவர்களில் சுமார் 8 சதவீதம் பேரில் மனைவி உயரம். தற்செயலாக ஜோடி சேர்ந்தால் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அதே அளவு. எனவே, இது எங்கும் மாறாத விருப்பம் அல்ல.

வரன் தேடுபவர்கள் பயோடேட்டாவில் உண்மையான உயரத்தையே எழுதுங்கள். தேடலில் உயரத்துக்கான எல்லையை இரண்டு அங்குலம் தளர்த்திவிட்டு, ஒருமுறை நேரில் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுப்பதற்கு அப்போதும் உரிமை உண்டு.