கையில் இருப்பது எது? திணறும் கேம்

கணினி கேமில் நம் ஆள் ஒரு கதவருகே போய் நின்றதும், ‘திறக்க E’ என்று திரையில் ஒரு சின்னப் படம் வரும். கீபோர்டில் ஆடுபவருக்கு அது போதும். அவரே கீபோர்டை ஒதுக்கிவிட்டு எக்ஸ்பாக்ஸ் கேம்பேடைக் கையில் எடுத்தால், அந்த E உடனே A பட்டனின் படமாக மாற வேண்டும். பல கேம்களில் மாறுவதில்லை. இன்னும் சிலவற்றில் E, A, E, A என்று படம் துடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிக எரிச்சல்.

படத்தை மாற்றுவது சுலபம். எப்போது மாற்றுவது என்பதில்தான் சிக்கல். கேம்பேட் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது பயன்படாது, ஏனென்றால் பலர் அதைச் செருகியபடியே விட்டுவிட்டு கீபோர்டில் ஆடுகிறார்கள். ஆகவே கடைசியாக எந்தக் கருவியிலிருந்து சமிக்ஞை வந்ததோ, அதன் படத்தைக் காட்டுவதே இன்று வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் தொடாமலே கருவிகள் சமிக்ஞை அனுப்பும்.

கேம்பேடின் ஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் கேம்கள் கேம்பேடைப் படிக்கப் பரவலாகப் பயன்படுத்தும் XInput முறையில், ஸ்டிக்கின் ஒவ்வொரு திசையும் -32768 முதல் 32767 வரை ஓர் எண்ணாக வரும். விரலை எடுத்தால் பூஜ்யம் வர வேண்டும், வராது. சற்றே தள்ளி நிற்கும், அங்கேயும் நடுங்கும். அதனால்தான் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689 என்று ஓர் எல்லையை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கிறது. அதற்குள் வரும் அசைவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இதற்கு டெட் சோன் என்று பெயர். முழுத் தள்ளலில் ஏறத்தாழ கால் பங்கு.

தேய்ந்துபோன ஓர் இடது ஸ்டிக் சும்மா கிடக்கும்போதே 8000-இல் நடுங்குகிறது என்று வையுங்கள். எல்லை தாண்டியாயிற்று. ஆடுபவர் மவுஸை அசைக்கிறார், E வருகிறது; ஸ்டிக் நடுங்குகிறது, A வருகிறது. நொடிக்குப் பல முறை இதே கூத்து. ஆளை நடக்கவைக்க ஓர் எல்லை, படத்தை மாற்ற வேறோர் எல்லை என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. படம் மாற ஸ்டிக் பாதி தூரமாவது, அதாவது 16000-ஐத் தாண்டிப் போக வேண்டும் என்று வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. உண்மையாகவே நடக்க நினைப்பவர் அந்த இடத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுவார்.

மவுஸின் கதை இன்னும் வேடிக்கையானது. மேசையைத் தட்டினால் அது ஓரிரு புள்ளி நகர்ந்ததாகச் சொல்லும். அதைப் பொருட்படுத்தாமல் விடுவது எளிது. ஆனால் மெனு திறந்ததும் சில கேம்கள் தாமாகவே மவுஸ் குறியைத் திரையின் நடுவுக்குக் கொண்டுபோய் வைக்கும். இயங்குதளம் அதையும் மவுஸ் அசைவு என்றே கேமிடம் சொல்லும். கேம் தான் செய்ததையே ஆடுபவர் செய்ததாக நம்பி, கேம்பேட் படத்தை எடுத்துவிட்டு கீபோர்டு படத்தைப் போடும். மெனுவைத் திறக்கும்போது மட்டும் படம் தப்பாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, கையில் இருப்பது கேம்பேட்தான் என்று தெரிந்துவிட்டது. எந்த கேம்பேட்? XInput எல்லாவற்றையும் எக்ஸ்பாக்ஸ் கேம்பேடாகவே பாவிக்கும். பிளேஸ்டேஷன் கேம்பேடை எக்ஸ்பாக்ஸாக வேடமிடச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. அப்போது கையில் பெருக்கல் குறி, திரையில் A. இரண்டும் கீழ்ப் பட்டன்தான் என்பதால் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். நிண்டெண்டோ கேம்பேடில் அப்படிப் பழகவும் முடியாது. அங்கே A வலப்பக்கம், B கீழே, எக்ஸ்பாக்ஸில் நேர்மாறு. பட்டன்களை இடத்தை வைத்துப் பொருத்திய கேம், ‘சரி’ சொல்ல A-ஐ அழுத்து என்கிறது. எழுத்தை நம்பி A-ஐ அழுத்துகிறீர்கள். கேம் அதை B என்று எடுத்துக்கொண்டு மெனுவை மூடிவிடுகிறது.

ஸ்டீம் தளத்தின் ‘ஸ்டீம் இன்புட்’ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ‘கதவைத் திற’ என்ற செயலுக்கு இப்போது எந்தப் பட்டன் என்று கேம் கேட்டால், கையிலுள்ள கேம்பேடுக்குரிய படத்தையே அது எடுத்துக் கொடுக்கும். கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் ஆடும்போது கீபோர்டு படங்களைக் காட்டும் கேமுக்கு, ‘வெரிஃபைட்’ என்ற பச்சை முத்திரையை வால்வ் நிறுவனம் தருவதில்லை.

அதே டெக்கில் இன்னும் தீராத ஒரு வழக்கும் இருக்கிறது. கருவியையே சாய்த்துக் குறிபார்க்கும் வசதியைப் பலர் மவுஸ் அசைவாக அனுப்பும்படி அமைத்துக்கொள்கிறார்கள், நடப்பது ஸ்டிக்கில். இரண்டும் ஒரே நேரத்தில், இரண்டும் வேண்டுமென்றே செய்வது. எல்லையை எவ்வளவு கூட்டினாலும் படம் துடிக்கத்தான் செய்யும். இவர்களுக்கு உதவுவது அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான்: பட்டன் படங்கள் தானாக மாறட்டுமா, எப்போதும் கேம்பேடா, எப்போதும் கீபோர்டா என்று கேட்கும் வரி.