ஒரே ஒரு போன் கால் போதும்... எட்டு ஃப்ரேசல் வெர்ப் மனசுல நிக்கும்!

போட்டுக்கொடு, போட்டுவாங்கு, போட்டுத்தள்ளு.

தமிழ் கத்துக்கிற ஒரு வெளிநாட்டுக்காரரிடம் இந்த மூணையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, `நாளைக்கு மனப்பாடம் பண்ணிட்டு வாங்க'ன்னு சொன்னா என்ன ஆகும்? மறுநாள் அவர், `மேனேஜர்கிட்ட என்னைப் போட்டுத்தள்ளிட்டான்' என்று சொல்லிவிட்டு அப்பாவியாக நிற்பார். அவர் மீது தப்பில்லை. மூன்றும் `போட்டு' என்றே ஆரம்பிக்கின்றன. ஆனால், முதலாவது கோள் சொல்வது, இரண்டாவது பேச்சுக் கொடுத்து ரகசியத்தை வாங்குவது, மூன்றாவது கொலை!

ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்களை நமக்குப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லித் தர்றாங்க. கெட் இன், கெட் ஆஃப், கெட் ஓவர், கெட் த்ரூ, கெட் அப் என அகர வரிசையில் ஒரு நீளப் பட்டியல். பக்கத்தில் அர்த்தம். வேலைக்குப் போய்க்கொண்டே ஸ்போக்கன் இங்கிலீஷ் படிப்பவர்கள், அதாவது இலக்கணம் ஓரளவு தெரிந்து, பேசும்போது மட்டும் தடுமாறுபவர்கள், இந்தப் பட்டியலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்க கத்துக்கிறவரா இருந்தாலும் சரி, சொல்லிக் கொடுக்கிறவரா இருந்தாலும் சரி, பட்டியலை மூடிவிட்டு வேறு வழியில் போய்ப் பார்க்கலாம்.

பட்டியல் ஏன் குழப்புது?

ஒரே மாதிரி இருக்கிற விஷயங்களை ஒரே நேரத்தில் புதுசாகப் படித்தால், ஒன்று இன்னொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரட்டையர்களை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால், யார் பெரியவர் யார் சின்னவர் என்று மாறிமாறிச் சொல்வோமே, அதே கதைதான்.

தாமஸ் டிங்க்ஹாம் என்ற ஆய்வாளர், புதிய வார்த்தைகளை எப்படிக் கூட்டுச் சேர்த்தால் எளிதாக மனதில் நிற்கும் என்று பார்த்து, 1997-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே இனத்தைச் சேர்ந்த வார்த்தைகளை, உதாரணமாகச் சட்டை, பேன்ட், கோட் மாதிரியானவற்றைச் சேர்த்துப் படித்தபோது கற்பது கடினமானது. அதுவே தவளை, குளம், பச்சை மாதிரி ஒரே காட்சியில் வருகிற வார்த்தைகளாக இருந்தபோது எளிதானது. அவர் சோதித்தது தனி வார்த்தைகளைத்தான், ஃப்ரேசல் வெர்ப்களை அல்ல. ஆனாலும், அந்தப் பாடம் இங்கேயும் உதவும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. `தீம்' என்றால் ஒரே அர்த்தம் உள்ளவற்றைக் குவிப்பது அல்ல. ஒன்றுக்குப்பின் ஒன்றாக நடக்கும் ஒரு காட்சியைப் பிடிப்பது. `டிராவல்' என்று தலைப்பு போட்டு, அதன் கீழே இருபது வார்த்தைகளை அடுக்கினால், அது வேறு பெயரில் இருக்கிற அதே பட்டியல்தான்.

ஒரு இன்டர்வியூ கால்... எட்டு வார்த்தைகள்

நமக்கு நல்லாப் பழக்கமான ஒரு காட்சியை எடுத்துக்குவோம். வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கீங்க. ஹெச்.ஆர் போன் பண்றாங்க. இதை முதலில் தமிழிலேயே ஓட்டிப் பாருங்க.

போன் அடிக்குது, எடுக்கறீங்க. `லைன்லயே இருங்க, மேனேஜருக்கு லைன் கொடுக்கறேன்'ங்கறாங்க. மேனேஜர் பேச ஆரம்பிக்கிறார், `வாய்ஸ் பிரேக் ஆகுது சார்'ங்கறீங்க. பட்டுனு லைன் கட் ஆகிடுது. திருப்பி அடிக்கிறீங்க, லைன் கிடைக்கலை. அஞ்சு நிமிஷத்துல அவரே திருப்பிக் கூப்பிடறார். பேசி முடிச்சுட்டு போனை வைக்கறீங்க.

இந்தக் கதையில் இருக்கிற எட்டுச் செயல்களுக்கும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு ஃப்ரேசல் வெர்ப் இருக்கு.

எடுப்பது `பிக் அப்'. லைனில் காத்திருப்பது `ஹோல்ட் ஆன்'. இன்னொருவருக்கு இணைப்புக் கொடுப்பது `புட் த்ரூ'. குரல் துண்டு துண்டாகக் கேட்பது `பிரேக் அப்'. இணைப்பு தானாக அறுந்துபோவது `கட் ஆஃப்'. லைன் கிடைப்பது `கெட் த்ரூ'. திருப்பிக் கூப்பிடுவது `கால் பேக்'. போனை வைப்பது `ஹேங் அப்'.

காதல் முறிவுக்குத்தானே பிரேக் அப்னு கேட்கறீங்களா? அதுவும் சரிதான். ஆனா, மேனேஜர் `யூ ஆர் பிரேக்கிங் அப்' என்று சொன்னால் பதற வேண்டாம். உங்க குரல் விட்டு விட்டுக் கேட்குதுன்னு அர்த்தம். அகர வரிசைப் பட்டியலில் இந்த அர்த்தம் நாலாவதோ ஐந்தாவதோ வரியில் ஒளிந்திருக்கும். காட்சியில் அது ஒன்றுதான் பொருந்தும்.

`ஹேங் அப்'புக்கு ஒரு குட்டிக் கதையே இருக்கு. பழைய டெலிபோன்களில் பேசி முடித்ததும் ரிசீவரைப் பக்கத்தில் இருக்கிற கொக்கியில் மாட்டுவார்கள். மாட்டினால்தான் இணைப்பு துண்டிக்கும். அந்த `மாட்டுதல்'தான் ஹேங். கொக்கி போய் எத்தனையோ வருஷமாச்சு, வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. நாமும் டச் ஸ்கிரீனில் விரலை வைத்துவிட்டு, `போனை வைக்கிறேன்'னுதானே சொல்றோம்!

இங்கேதான் வேலைக்கே வேட்டு!

இந்த எட்டில் இரண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கணும். கட் ஆஃப், ஹேங் அப். தமிழில் இரண்டுக்குமே `கட்' என்றே சொல்லிவிடுகிறோம். `கால் கட் ஆகிடுச்சு', `காலை கட் பண்ணிட்டான்'. `ஆகிடுச்சு', `பண்ணிட்டான்' என்ற வால்தான் வித்தியாசத்தைச் சொல்லும்.

ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது, வார்த்தையே மாறும். சிக்னல் போய் இணைப்பு அறுந்தால் `வீ காட் கட் ஆஃப்'. ஒருவர் வேண்டுமென்றே வைத்தால் `ஹி ஹங் அப்'. மறுபடி லைன் கிடைத்ததும், `ஸாரி சார், ஐ ஹங் அப்' என்று நீங்கள் சொன்னால், மேனேஜர் காதில் `ஸாரி சார், நான்தான் உங்க காலை வெச்சுட்டேன்' என்று விழும். நீங்க சொல்ல வந்தது, `ஸாரி சார், வீ காட் கட் ஆஃப்'. அர்த்தத்தை மட்டும் எழுதுகிற பட்டியலில் இரண்டுக்குமே `கால் துண்டித்தல்' என்றுதான் இருக்கும். யார் செய்தது என்பது காட்சியில்தான் தெரியும்.

வகுப்பில் எப்படி நடத்துவது?

ஒரு வகுப்புக்கு எட்டு போதும். அதற்கு மேல் போனால் காட்சி கலைந்துவிடும்.

முதலில் கதையைத் தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ சொல்லுங்கள். அடுத்து, எட்டு வார்த்தைகளும் வருகிற ஒரு சின்ன உரையாடலைக் காதால் கேட்க விடுங்கள். வார்த்தைகளை உடைக்காமல், முழு வாக்கியமாகவே பிடிக்கச் சொல்லுங்கள். `புட் மீ த்ரூ', `கால் மீ பேக்' என்று. மீ, ஹிம், இட் மாதிரியான குட்டி வார்த்தைகள் இந்த இரண்டிலும் நடுவில்தான் உட்காரும். நம்மில் பலர் `கால் பேக் மீ' என்று சொல்வது, பட்டியலில் `கால் பேக்' என்று ஒட்டியே படித்ததால்தான். விதியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் காது பழகட்டும்.

பிறகு இருவர் இருவராக, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து நடிக்கட்டும். முகம் தெரியக் கூடாது. போனில் சைகை உதவாது அல்லவா? அப்போதுதான் வார்த்தை வெளியே வரும். ஒருமுறை சிக்னல் போகட்டும், இன்னொரு முறை மேனேஜர் கோபத்தில் வைக்கட்டும். அதன் பிறகு நடந்ததை மூன்றாமவரிடம் சொல்ல வேண்டும். கட் ஆஃப்பா, ஹேங் அப்பா என்பது அங்கே தானாக வெளிப்படும்.

ஒரு எச்சரிக்கை. பிக் அப், ஹேங் அப் இரண்டும் எதிரெதிர், இரண்டின் வாலிலும் `அப்'. இப்படிப்பட்ட ஜோடிகளை அடுத்தடுத்து எழுதிப் போட்டால் பழைய குழப்பம் திரும்ப வரும். ஒன்று கதையின் தொடக்கத்தில், இன்னொன்று முடிவில் என்று விலகியே இருக்கட்டும். வகுப்பில் யாராவது இரண்டையும் மாற்றிச் சொன்னால், ஹேங் அப்பை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுங்கள்.

ஏறியதா, இல்லையா?

`கெட் த்ரூன்னா என்ன?' என்று கேட்டு பதில் வந்தால், அது மனப்பாடம். இரண்டு மூன்று நாள் கழித்து, வார்த்தைகள் எதையும் காட்டாமல் அதே கதையைச் சொல்லச் சொல்லுங்கள். `ரிசீவ்', `வெயிட்', `கனெக்ட்', `டிஸ்கனெக்ட்' என்று ஒற்றை வார்த்தைகளாலேயே ஒப்பேற்றினால், ஃப்ரேசல் வெர்ப் இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். அந்த வாக்கியங்கள் தப்பில்லை, அதனால்தான் ஆசிரியர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. வார்த்தை அந்தக் காட்சியோடு ஒட்டிக்கொள்ளும். பிக் அப் என்றாலே போன்தான் என்று ஆகிவிடும். அதனால், ஒரு வாரம் கழித்து வேறு காட்சி போடுங்கள். கூரியர் ஆபீஸுக்கு போன் பண்ணி, `பார்சலை நானே வந்து எடுத்துக்கறேன்' என்று சொல்லும் காட்சி. அங்கே பாதி வார்த்தைகள் பழசு. பிக் அப்புக்கு மட்டும் போய் வாங்கிக்கொள்வது என்ற இரண்டாவது அர்த்தம் வந்து சேரும்.

எத்தனை வார்த்தை, எத்தனை அர்த்தம் என்று மலைக்கவும் வேண்டாம். மெலடி கார்னியர், நார்பர்ட் ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-ல், ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 150 ஃப்ரேசல் வெர்ப்களைத் தொகுத்தார்கள். அகராதியில் இருக்கிற எல்லா அர்த்தங்களையும் கொட்டாமல், அடிக்கடி வருகிற அர்த்தங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சராசரியாக ஒன்றுக்கு இரண்டுதான் தேறியது. எதைச் சொல்லித் தருவது என்று தேர்ந்தெடுக்க அந்த மாதிரித் தொகுப்பு நல்ல துணை. அகர வரிசைப் பட்டியலையும் தூக்கி எறிய வேண்டாம், சந்தேகம் வரும்போது புரட்டிப் பார்க்க அதுதான் வசதி.

கத்துக்கிறவர்கள் இன்றைக்கே செய்ய ஒரு வேலை இருக்கு. இன்று நீங்கள் பேசிய ஒரு காலை நினைவுபடுத்தி, எடுத்ததிலிருந்து வைத்தது வரை ஆறேழு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் வார்த்தை கிடைக்காமல் நிற்கிறீர்களோ, அதுதான் நீங்கள் அடுத்துப் படிக்க வேண்டிய ஃப்ரேசல் வெர்ப்.