தமிழகக் கடற்கரையில் கிறித்தவமும் இசுலாமும்: காலநிரல் அமைப்பில் முத்துக்குளித்துறைச் சான்றுகள்

முன்னுரை

தமிழக வரலாற்றுப் பாடத்திட்டங்களில் சமயங்களின் வருகை பெரும்பாலும் ஒற்றை ஆண்டால் குறிக்கப்படுகிறது. கிறித்தவத்திற்குத் தோமையார் மரபு கூறும் கி.பி. 52ஆம் ஆண்டும், இசுலாத்திற்கு மாலிக் கபூர் படையெடுத்த 1311ஆம் ஆண்டும் அவ்வாறு இடம்பெறுவன. இவற்றுள் முன்னது சமூகத்தின் நினைவுமரபு. பின்னது ஓர் அரசியல் நிகழ்வு. இரண்டையும் ‘வருகை’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் நிறுத்தும்போது, கடற்கரையில் இவ்விரு சமயங்களும் வேரூன்றிய முறை மறைந்துவிடுகிறது. மரபு கூறும் காலம், முதற்சான்று கிடைக்கும் காலம், சமூகம் நிலைபெற்ற காலம் என மூன்றாகப் பகுத்துக் காலநிரலை அமைக்க வேண்டும் என்பதை முத்துக்குளித்துறையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

மரபும் முதற்சான்றும்

தோமையார் கி.பி. 52இல் மலபார்க் கரையில் இறங்கி, 72இல் மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பது மரபு. இம்மரபுக்கு அக்காலத்துக் கல்வெட்டோ ஆவணமோ துணைநிற்கவில்லை. பரங்கிமலையில் 1547இல் போர்ச்சுகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையில் பகலவி எழுத்துகள் உள்ளன. எழுத்தமைதி கொண்டு அதனை ஏறத்தாழ 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினதாகக் கணிப்பர். பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் சோழமண்டலக் கரையில் இருந்தமையை அச்சிலுவை உணர்த்துகிறதேயன்றி, முதல் நூற்றாண்டு நிகழ்வை மெய்ப்பிக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மார்க்கோ போலோ, தோமையார் கல்லறைக்குக் கிறித்தவரும் முஸ்லிம்களும் வழிபடச் சென்றதைக் குறிப்பிடுகிறார். எனவே, அக்காலத்தில் மரபு நன்கு வேரூன்றியிருந்தது எனக் கொள்ளலாம்.

மேலைக்கடற்கரையில் சான்று இதனினும் தெளிவானது. வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய 849ஆம் ஆண்டுச் செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. கிறித்தவப் பள்ளிக்கு வழங்கிய கொடையாயினும், அதன் சாட்சிக் கையொப்பங்கள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களும் அதில் இடம்பெறுகின்றன. கடல்வணிகத்தின் வழியாகப் பல சமயத்தவர் ஒரே துறைமுகத்தில் உரிமை பெற்று வாழ்ந்ததை இதனால் அறியலாம்.

படையெடுப்புக்கு முந்தைய இசுலாம்

தமிழகத்தில் இசுலாத்தின் தொடக்கத்தை 1311உடன் இணைப்பது சான்றுகளோடு பொருந்தவில்லை. திருப்புல்லாணிக் கோயிலிலுள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் ‘சோனகச் சாமந்தப் பள்ளி’க்கு வழங்கிய கொடையைப் பதிவுசெய்கிறது. சோனகர் என்னும் சொல் இங்கு அரபு வழிவந்த முஸ்லிம் வணிகரைக் குறிக்கும். பள்ளிவாசலுக்கான அரச ஆணை வைணவக் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டது என்பது, பாண்டிய அரசு அவ்வணிகரைத் தன் குடிகளாக ஏற்றமையைக் காட்டும்.

இதற்கான பொருளியற் காரணம் குதிரை வணிகமாகும். காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ விவரிக்கிறார். குதிரை வளர்ப்பு செழிக்காத நாட்டில் பாண்டியர் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து அவற்றை வாங்கினர். 1311 படையெடுப்பைப் பாடிய அமீர் குஸ்ரு, பாண்டியர் பக்கம் நின்ற முஸ்லிம்களையும் குறிப்பிடுகிறார். படையெடுத்து வந்தோர் கடற்கரையில் ஏற்கெனவே ஒரு முஸ்லிம் சமூகத்தைக் கண்டனர் என்பதே இதன் பொருள். மதுரைச் சுல்தானகம் 14ஆம் நூற்றாண்டிலேயே மறைந்தபோதும் அச்சமூகம் தொடர்ந்தது.

முத்துக்குளித்துறை: 1532–1544

இவ்விரு வரலாறுகளும் முத்துக்குளித்துறையில் சந்திக்கின்றன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துச்சலாபத்தின் வணிக ஆதிக்கம் முஸ்லிம் வணிகரிடம் இருந்தது. கடலில் மூழ்கி முத்தெடுப்போருள் பெரும்பாலோர் பரதவர். சலாப வருவாயை நாடிப் போர்ச்சுகீசியரும் உள்நுழைந்தபோது போட்டி மும்முனையாயிற்று. 1530களின் தொடக்கத்தில் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட பூசலில் பரதவர் பேரிழப்புக்கு ஆளாயினர்.

அந்நிலையில், கோழிக்கோட்டிலிருந்து வந்த குதிரை வணிகரும் கிறித்தவரானவருமான ஜோவான் த குரூசு, போர்ச்சுகீசியர் பாதுகாப்பை நாடுமாறு பரதவருக்கு அறிவுறுத்தினார். பட்டங்கட்டிகள் எனப்பட்ட ஊர்த்தலைவர் கொச்சிக்குச் சென்று திருமுழுக்குப் பெற்றனர். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் கரையூர்களில் பெருந்திரளான திருமுழுக்கு நிகழ்ந்தது. மதம் மாறியோர் தொகை 20,000 எனப் பரவலாகக் கூறப்படினும், அது மதிப்பீடே, கணக்கெடுப்பன்று. 1538இல் வேதாளையில் மரக்காயர் கடற்படையைப் போர்ச்சுகீசியர் முறியடித்த பின்னரே அப்பாதுகாப்பு உறுதிப்பட்டது.

இங்கு மதமாற்றத்தின் அலகு தனிமனிதரல்லர்; ஊரும் குலமும் ஆகும். திருமுழுக்கு ஒரே காலத்தில் நிகழ்ந்தது. சமயப் பயிற்சியோ பின்னர் வந்தது. 1542இன் இறுதியில் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார், மக்கள் தம்மைக் கிறித்தவர் என்று கூறினரேயன்றி அதற்குமேல் அறியாதிருந்தனர் எனத் தம் மடலில் எழுதினார். தமிழறிந்தோர் துணையுடன் செபங்களை மொழிபெயர்த்து மனனம் செய்து, ஊர்தோறும் சென்று கற்பித்தார். 1536ஐ மட்டும் குறிக்கும் காலநிரல், இவ்விடைவெளியைக் காட்டத் தவறுகிறது.

தமிழில் நிலைபெறுதல்

ஒரு சமயம் தன் கொள்கையைத் தமிழிலேயே எழுதிக் காக்கத் தொடங்குவது, சமூகம் நிலைபெற்றதற்கான அளவுகோல்களுள் ஒன்று. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சாயிற்று. பெருந்திரள் திருமுழுக்குக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உள்ளன. முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் ‘ஆயிரமசலா’ 1572இல் வண்ணப்பரிமளப் புலவரால் இயற்றப்பட்டது. திருப்புல்லாணிக் கல்வெட்டுக்கும் இதற்கும் இடையிலான காலம் மூன்று நூற்றாண்டளவு.

இதனைக் கொண்டு முஸ்லிம்கள் அதுவரை தமிழில் எழுதவில்லை என முடிவுசெய்தல் பிழையாகும். மேற்கோட் செய்யுள்களால் மட்டும் அறியப்படும் ‘பல்சந்தமாலை’ அதற்கு முற்பட்ட மரபொன்றைக் காட்டுகிறது. கிடைக்கும் முதல் நூல், எழுதப்பட்ட முதல் நூலாகாது. அச்சு, நூலின் காலத்தைத் தன் தலைப்பேட்டிலேயே பதிக்கும். ஏட்டுச்சுவடியோ அழிவுக்கு உட்பட்டது. இவ்வேறுபாட்டையும் காலநிரல் கருத்திற்கொள்ள வேண்டும்.

காலநிரல்

மரபு: 52, 72 – தோமையார் வருகையும் இறப்பும்.

முதற்சான்று: 7–8ஆம் நூற்றாண்டு – பரங்கிமலைச் சிலுவை; 849 – தரிசாப்பள்ளிச் செப்பேடு; 13ஆம் நூற்றாண்டு – திருப்புல்லாணிக் கல்வெட்டு, மார்க்கோ போலோ குறிப்பு.

நிலைபேறு: 1535–1537 – பரதவர் திருமுழுக்கு, 1542 – சவேரியார் வருகை, 1572 – ஆயிரமசலா, 1578 – தம்பிரான் வணக்கம், 1606 – தத்துவ போதகர் மதுரை வருகை, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி – உமறுப்புலவரின் சீறாப்புராணம், 1706 – சீகன்பால்கு தரங்கம்பாடி வருகை.

முடிவுரை

முத்துக்குளித்துறையில் இசுலாம் வணிகக் குடியிருப்பாகத் தொடங்கி நூற்றாண்டுகளினூடே மெல்ல வளர்ந்தது. கிறித்தவம் ஓர் அரசியல் நெருக்கடியில் சில ஆண்டுகளுக்குள் பரவி, பின்னர்க் கற்பித்தலால் உறுதிப்பட்டது. இவ்விரு வளர்ச்சிமுறைகளையும் ஒற்றை ஆண்டால் குறிக்கும்போது மாணவர் மரபைச் சான்றெனவும் படையெடுப்பைச் சமயப் பரவல் எனவும் கொள்ள நேரும். ஒவ்வோர் ஆண்டின் அருகிலும் அது மரபா, முதற்சான்றா, நிலைபேறா என்று குறித்தல் இப்பிழையைத் தவிர்க்கும்.